கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா

"வியாபாரம் குறைஞ்சு போச்சுண்ணா. முன்னே தினமும் 6,000 வரும். இப்போ 5,650 தாண்ட மாட்டேங்குது."

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் டிபன் கடை வைத்திருக்கும் தம்பி என்னிடம் சொன்னது இது. வியாபாரம் குறைந்துவிட்டது என்று நினைத்து, இரவு 9.30-க்குச் சாத்தும் கடையை 10.30 வரை திறந்து வைக்க ஆரம்பித்திருந்தார். அந்த ஒரு மணி நேரத்துக்குத் தனியாக ஓர் ஆள்; அவருக்கு 150 ரூபாய் கூலி.

நான் சித்தூர்க்காரன். வெல்ல மண்டியில் கணக்கு எழுதப் பழகியவன். இப்போது சித்தூரிலும் திருப்பதியிலும் சின்னச் சின்னக் கடைகளுக்கு மாதக் கணக்கு முடித்துக் கொடுக்கிறேன். மண்டியில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவோம், அப்படியேதான் எழுதுவோம். நாள்வழியில் செலவுப் பக்கத்தின் கடைசி வரி எப்போதும் 'சில்லர கர்ச்சு' என்று இருக்கும். எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் அந்த வரியை மட்டும் ஒற்றைத் தொகையாக எழுத விடமாட்டார். எதற்கு, யாருக்கு, எவ்வளவு என்று பிரித்துச் சொன்ன பிறகுதான் பேனாவை எடுக்கலாம். அப்போது அது எனக்குத் தொல்லையாக இருந்தது. அதன் காரணம் இந்த டிபன் கடையில்தான் முழுதாகப் புரிந்தது.

கடைக்குப் போய் மூன்று நாள் உட்கார்ந்தேன். பில் போடாத கடை. அதனால் மாவை வைத்துத்தான் கணக்குப் பார்த்தேன்: எத்தனை தட்டு இட்லி ஊற்றினார்கள், எத்தனை தோசை போனது, ராத்திரி எவ்வளவு மீந்தது. மூன்று நாளும் விற்பனை 6,000-ஐ ஒட்டியே இருந்தது. ஆனால் கல்லாப் பணத்தையும் போனில் விழுந்ததையும் சேர்த்து எண்ணினால் 5,650 பக்கம்தான் நின்றது. மார்க்கெட்டிலிருந்து ஆட்டோ வந்தால் கல்லாவிலிருந்து 40. பால் தீர்ந்தால் கல்லாவிலிருந்து ஒரு நோட்டு. மகன் பள்ளியிலிருந்து வந்து கேட்டால் அதுவும் அங்கிருந்தே. எதுவும் எந்த நோட்டிலும் ஏறவில்லை.

விற்ற பணத்தை எண்ணுவதற்கு முன்பே அதிலிருந்து செலவு செய்தால், அந்தச் செலவு செலவாகவே தெரியாது. விற்பனை குறைந்த மாதிரிதான் தெரியும். வியாதி ஒரு இடத்தில் இருக்க, மருந்து இன்னொரு இடத்தில் போடுவோம். தம்பி ஒரு மணி நேரம் கூடுதலாகக் கடை திறந்தது அப்படித்தான்.

இப்படித் தினமும் போன 350 ரூபாய் என்பது 6,000-இல் நூற்றுக்கு ஆறு. கேட்டால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் சரக்குக்கு 3,000, கேஸுக்கு 450, இரண்டு ஆள் சம்பளம் 1,000, வாடகையும் கரண்டும் 450 போக அந்தக் கடையில் நிற்க வேண்டியது 1,100. அந்த 1,100-இல் 350 என்றால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. சில்லறைச் செலவை விற்பனையோடு ஒப்பிடக் கூடாது, மிச்சத்தோடு ஒப்பிட வேண்டும். 40 ரூபாய் தோசையில் சரக்குக்குப் பாதி போய்விடும். அப்படியென்றால் 350-ஐ ஈடுகட்ட இன்னும் 18 தோசை விற்க வேண்டும், அதுவும் தினமும்.

ஒரு பிஸ்கட் டப்பாவைக் கழுவித் துடைத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். காலையில் அதில் 500 ரூபாய், சில்லறையாக. செலவு எதுவானாலும் டப்பாவிலிருந்துதான். கல்லாவிலிருந்து ஒரு ரூபாய் எடுக்கக் கூடாது. எடுக்கும்போதே ஒரு சீட்டில் தேதி, எதற்கு, எவ்வளவு என்று எழுதி அதே டப்பாவில் போட வேண்டும். இரவில் சீட்டுகளைக் கூட்டி, மிச்சப் பணத்தோடு சேர்த்தால் 500 வர வேண்டும். கல்லாவை எண்ணி எழுதிய பிறகு, சீட்டுகளின் கூட்டுத்தொகை எவ்வளவோ அவ்வளவை மட்டும் அதிலிருந்து எடுத்து டப்பாவில் நிரப்பி, அதை நாள்வழியில் ஏற்ற வேண்டும். அப்போது கல்லாவில் விற்பனை முழுதாகத் தெரியும், செலவும் தனியாகத் தெரியும்.

முதல் வாரம் ஒவ்வொரு நாளும் கணக்கு ரூபாய் பிசகாமல் 500-க்கு நின்றது. எனக்குச் சந்தேகம் வந்தது. சீட்டுகளைப் பார்த்தால் எல்லாம் 50, 100 என்று முழு எண்கள்; ஒரே பேனா, ஒரே கையெழுத்து. ராத்திரி உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள். உண்மையான சீட்டில் 37 வரும், 18 வரும். இரண்டு மூன்று பேர் கிறுக்கலும் இருக்கும். அஞ்சு பத்து குறைவதும் கூடுவதும் இயல்பு. குறைந்தால் 'தெரியவில்லை 8' என்று ஒரு சீட்டு போடுங்கள், பொய்யாக ஒரு டீ எழுதாதீர்கள் என்றேன்.

போன் இன்னொரு ஓட்டை. தண்ணீர்க் கேன்காரருக்குத் தம்பி கியூஆரில் அனுப்பிவிடுவார். டப்பா சரியாக இருக்கும், பேங்க் கணக்கு இறங்கியிருக்கும். அதற்கும் சீட்டு எழுதி, மேலே 'போன்' என்று போட்டுத் தனிக் கிளிப்பில் மாட்டச் சொன்னேன். டப்பாக் கூட்டலில் அதைச் சேர்க்கக் கூடாது, நாள்வழியில் மட்டும் சேர்க்க வேண்டும்.

30 நாளில் டப்பாச் சீட்டும் போன் சீட்டும் சேர்ந்து 10,600 வந்தது. ஆட்டோவுக்கு 2,400. பார்சல் கவர், பேப்பர், ரப்பர் பேண்டுக்கு 2,100. பக்கத்துக் கடையில் அவசரத்துக்கு வாங்கிய பால், சர்க்கரை, கொத்துமல்லிக்கு 1,800. டீ, தண்ணீர், திருவிழாச் சந்தா எல்லாம் சேர்ந்து 1,900. மீதி 2,400 வீட்டுச் செலவு.

வீட்டுச் செலவு கடைச் செலவே இல்லை. அது முதலாளி எடுத்துக்கொண்ட பணம். அதை மற்றவற்றோடு கலந்தால் கடையின் மிச்சம் உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். தம்பியின் மனைவி, வாரம் 600 மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன், அதற்கு மேல் கேட்க மாட்டேன் என்றார். அது நோட்டில் தனிப் பக்கத்துக்குப் போனது.

ஆட்டோவும் அவசரச் சாமானும் ஒரே காரணத்தால் வந்தவை. காலையில் ஒரு முறை மார்க்கெட்டுக்குப் போய் வந்து, மறந்த சாமானுக்கு மறுபடி ஓடியிருக்கிறார்கள். ராத்திரியே பட்டியல் எழுதிவைத்ததும் ஆட்டோ 1,200-க்கு இறங்கியது, அவசரச் சாமான் 700 ஆனது. கவரை மொத்தக் கடையில் வாங்கியதில் 2,100 என்பது 1,300 ஆனது. ஆட்கள் குடிக்கும் டீயில் கை வைக்க நான் விடவில்லை. விடியற்காலை 4 மணிக்கு வந்து மாவு ஆட்டுகிறவரின் டீயைக் குறைத்து மிச்சம் பிடிப்பது கணக்கல்ல.

புரட்டாசி பிரம்மோற்சவத்தின் ஒன்பது நாளும் இந்த டப்பா முறை தடுமாறும். கூட்டத்தில் சீட்டு எழுத யாருக்கும் கை ஒழியாது, கல்லாவில் சில்லறை இல்லையென்று டப்பாவிலிருந்து எடுப்பார்கள். அந்த நாட்களுக்கு டப்பாவில் 1,000 வைத்து, ஓரத்தில் ஒருவரை உட்காரவைத்து அவர் மட்டுமே தொடலாம் என்று வைத்தோம். சில்லறை மாற்றினால் நோட்டைப் போட்ட பிறகுதான் காசை எடுக்க வேண்டும்.

மூன்றாம் மாதம் வீட்டுச் செலவு நீங்கலாகச் சில்லறைச் செலவு 8,200-இலிருந்து 5,100-க்கு வந்திருந்தது. அதே மாதம் இரவுக் கடையையும் தனியாக எழுதிப் பார்த்தோம். 9.30-க்கு மேல் சராசரியாக விற்றது 250 ரூபாய். சரக்குக்குப் பாதி போக மிச்சம் 125. ஆளுக்குக் கொடுத்தது 150. மறுநாளிலிருந்து கடையை 9.30-க்கே சாத்தினார்.