இருபதுக்கு ஏழு

சைனிக்புரியில் படைத்துறையிலிருந்து ஓய்வு பெற்றோர் பலர் வீடு கட்டிக்கொண்டு வாழ்கின்றனர் என்பதை அப்பகுதியின் பெயரே சொல்லும். அவர்களுக்கிடையே, பணியின் பொருட்டு ஐதராபாத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அக்குடும்பங்களின் பிள்ளைகள் சிலருக்கு ஞாயிறுதோறும் என் வீட்டுத் திண்ணையில் தமிழ் கற்பித்து வருகிறேன். ஒரு தேர்வுக்குப் பின் அவர்களுள் ஒருத்தி எனக்கு எழுதிய கடிதமே இக்கட்டுரைக்குக் காரணம்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி அவள். பள்ளியில் ஆங்கிலமும் தெலுங்கும், வீட்டில் தமிழ். பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடை எழுதும் பகுதியில் இருபதுக்கு ஏழு பெற்றிருந்தாள். மறுவாரம் வகுப்புக்கு வரவில்லை. அவள் தம்பியின் கையில் கடிதம் வந்தது.

“மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம். பத்தியில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. தடங்கல் இல்லாமல் படித்தேன். ஆனாலும் விடைகள் தவறாகிவிட்டன. தமிழ் வேண்டாம், மற்றப் பாடங்களைப் பார் என்று அப்பா சொல்கிறார். நான் ஊரிலிருக்கும் பாட்டிக்கு நானே கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். எப்படிப் படித்தால் நன்றாகப் புரியும் என்று சொல்லுங்கள், ஐயா.”

‘இன்னும் நிறையப் படி’ என்று எழுதி அனுப்பியிருப்பேன். ஆனால் ‘தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை’ என்ற வரி என்னை நிறுத்திற்று. விடைத்தாளில் ‘கவனக்குறைவு’ என்று சிவப்பு மையால் நான் எழுதியிருந்தேன். அவள் கூற்று உண்மையாயின் என் தீர்ப்பு பிழை. ஆகவே தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன்.

அந்தப் பத்தியின் முக்கியப் பகுதி இது: “சென்ற ஐப்பசியில் மழை நன்கு பெய்தும் ஏரிக்கு நீர் வந்து சேரவில்லை. இது வானத்தின் குற்றமன்று என்ற முதியவர் வரத்துக்காலைச் சுட்டிக் காட்டினார். அதனைத் தூர் வாரியிருந்தால் ஏரி நிரம்பியிருக்கும் என்றார்.”

வினாக்கள் நான்கு. மழை எப்போது பெய்தது என்பதற்கு ‘ஐப்பசியில்’ என்று சரியாக எழுதியிருந்தாள். ஏரி ஏன் நிரம்பவில்லை என்பதற்கு ‘மழை பெய்து நீர் சேரவில்லை’ என்று பத்தியின் சொற்களையே பெயர்த்து வைத்திருந்தாள். முதியவர் எதன்மேல் குற்றம் சொன்னார் என்பதற்கு ‘வானத்தின்மேல், அன்று’ என்பது விடை. கால்வாய் தூர் வாரப்பட்டதா என்பதற்கு ‘ஆம், வாரினார்கள்.’

இப்பிழைகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. மூன்றும் சொல்லின் தலையில் நேர்ந்தவை அல்ல, வாலில் நேர்ந்தவை. ‘பெய்தும்’ என்பதன் ‘உம்’மை அவள் விட்டுவிட்டாள், பெய்தது என்பது தெரிந்தது, பெய்தும் பயனில்லை என்பது தெரியவில்லை. ‘குற்றமன்று’ என்பதில் உள்ள ‘அன்று’ ஒருமைக்குரிய மறுப்புச் சொல். அவளோ அதை ‘அந்நாள்’ என்று கொண்டாள். ‘வாரியிருந்தால்’ என்றால் வாரவில்லை என்பது உட்பொருள். அவள் ‘வாரி’ என்பதோடு நின்றுவிட்டாள். தமிழில் வாக்கியத்தின் திருப்பமெல்லாம் இத்தகைய சிறு ஈறுகளில் அன்றோ இருக்கின்றது!

காஃப், டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1986-இல் ஒரு கருத்தை வெளியிட்டனர். படித்துணர்தல் என்பது, எழுத்தைச் சொல்லாக்கும் திறனும் அம்மொழியைக் கேட்டு உணரும் திறனும் பெருகி வரும் பயன் என்றனர். கூட்டல் அன்று, பெருக்கல். ஒன்று சுழியமாயின் மற்றது எத்துணைப் பெரிதாயினும் விளைவு சுழியமே. ஆகவே குறை எப்பக்கத்தில் என்று அறியாமல் மருந்து கொடுத்தல் வீண்.

அடுத்த ஞாயிறு அவளை வரவழைத்தேன். அதே அமைப்பிலுள்ள, அவள் காணாத வேறு மூன்று பத்திகளை எடுத்துக்கொண்டேன். முதலாவதை அவளே வாய்விட்டுப் படித்தாள். தடையில்லை, எழுத்துப்பக்கம் குறை இல்லை என்று தெரிந்தது. ஆயினும் நான்கு வினாக்களில் ஒன்றுக்கே சரியான விடை சொன்னாள். இரண்டாவதை நான் படிக்க அவள் கேட்டாள்; இரண்டு சரி. மூன்றாவதை நூல்நடையை விட்டு, வீட்டில் பேசும் தமிழில் கதைபோலச் சொன்னேன். நான்கும் சரி!

நோய் தெரிந்துவிட்டது. அவள் அறிவிலும் குறையில்லை, கண்ணிலும் குறையில்லை. நூல் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் இடையே ஒரு பாலம் இல்லை, அவ்வளவே. தமிழ்நாட்டுப் பிள்ளை செய்தித்தாளிலும் மேடையிலும் நூல்நடையை நாளும் கேட்கிறது. நம் பிள்ளைகள் அதை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மட்டுமே சந்திக்கின்றனர்.

அவளுக்கு நான் எழுதிய விடை சுருக்கமானது. நாளொன்றுக்கு எட்டு வரியுள்ள ஒரு பத்தி போதும். முதலில் முழுவதும் படி. பிறகு ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘உம்’, ‘ஆல்’, ‘அன்று’, ‘எனினும்’ போன்றவற்றின் கீழ்க் கோடிடு. பின்னர் அவ்வாக்கியத்தை அம்மாவிடம் பேசுவதுபோலச் சொல். ‘மழை நன்கு பெய்தும்’ என்பதை ‘மழ நல்லா பேஞ்சும்’ என்று சொன்னால், அந்த ‘உம்’ உன் வாயில் ஏற்கெனவே இருப்பதைக் காண்பாய். ‘குற்றமன்று’ என்பதைத் ‘தப்பு இல்ல’ என்று மாற்று. கடைசியில் ‘அதனை’, ‘அவர்’ என வரும் சுட்டுச் சொற்களுக்கு, யாரை, எதை என்று பக்கத்தில் எழுது. வினாக்களை இவ்வளவும் முடிந்தபின் பார்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. வரத்துக்கால் என்றால் என்ன என்று கேட்டேன். “ஏதோ கால்வாய்” என்றாள். காப்ரா ஏரியைப் பலமுறை கண்டவள்தான். எனினும் சுற்றுநிலத்தில் பெய்த மழை கால்வாய் வழியே ஓடிவந்து ஏரியில் சேர வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. சொல் தெரிந்தும் பொருள் தெரியாத இவ்விடத்தில் கோடிடுவது உதவாது. மண்ணில் குச்சியால் கோடு கீறி, நீர் வரும் வழியை வரைந்து காட்ட வேண்டியதாயிற்று.

முன்னேற்றத்தை மதிப்பெண்ணுக்கு முன்பே வேறோர் அடையாளத்தால் அறிந்தேன். ஆறாம் வாரம் ஒரு வரியைப் படித்துச் சென்றவள் தானே நின்று, “இல்லை ஐயா, வந்தாலும் என்றிருக்கிறது” என்று திரும்பினாள். தன் பிழையைத் தானே கேட்கும் செவி வந்துவிட்டது. அடுத்த தேர்வில் இருபதுக்குப் பதின்மூன்று. முழு வெற்றியன்று, நூல்நடையில் நீண்ட வாக்கியம் வந்தால் இன்றும் தடுமாறுகிறாள்.

அவள் தந்தையிடம் அவ்விரு தாள்களையும் கொடுத்தேன். பழைய தாளில் ‘கவனக்குறைவு’ என்றிருந்ததை நானே அடித்துவிட்டிருந்தேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இந்த ‘அன்று’க்கு நானும் அப்படித்தான் பொருள் கொண்டிருப்பேன், சார்” என்றார்.

பாட்டிக்கு அவள் எழுதிய கடிதம் ஐப்பசியில் அஞ்சலில் சென்றது. அதில் ஒரு வரியை எனக்குப் படித்துக் காட்டினாள்: “இங்கு மழை பெய்தும் குளிரவில்லை, பாட்டி.” அந்த ‘உம்’மின் கீழே, பழக்கத்தால், மெல்லிய கோடு ஒன்று இருந்தது.