மலர் வடிவமைப்புப் பில்: 32,250 ரூபாவை வரி வரியாகப் பார்த்தபோது



எங்கள் பாடசாலை மலரை வடிவமைத்த தம்பி அனுப்பிய பில் பற்றி ஊரில் ஒரு கதை ஓடுகிறது. "நாலாயிரம் ரூபா கூடப் போட்டிருக்கிறான்" என்பதுதான் அந்தக் கதை. காசு பெற்றோரிடமிருந்து சேர்த்தது. தம்பி எங்களிடம் படித்த பிள்ளை. இரண்டு பக்கமும் அமானிதம் என்பதால், மலர்க் குழு ஆசிரியர்கள் நாங்கள் இருந்து முழுப் பில்லையும் பார்த்தோம். பார்த்த விதத்தை அப்படியே இங்கே எழுதுகிறோம்.

வேலை தொடங்கும்போது வட்ஸ்அப்பில் மூன்று வரியில் பேசிக்கொண்டது இதுதான். மணித்தியாலத்துக்கு 1,500 ரூபா. ஒவ்வொரு வேலைக்கும் எடுத்த நேரம் அடுத்த கால் மணித்தியாலத்துக்கு ஏற்றிக் கணக்கிடப்படும். 24 மணித்தியாலத்துக்குள் முடித்துத் தரச் சொல்லி நாங்கள் கேட்கும் வேலைக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 2,250 ரூபா. தம்பி நிமிடக் கணக்கையும் எழுதி வைத்திருந்தார். பில்லோடு அதையும் கேட்டு வாங்கினோம். நிமிடக் கணக்கு கையில் இல்லாமல் இப்படியான பில்லைச் சரிபார்க்க முடியாது. பில்லில் இருப்பது ஏற்கெனவே ஏற்றிய நேரம் மட்டும்தானே.

முதலில் அந்த நாலாயிரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தோம். ஒருவர் எல்லா வேலையின் நிமிடங்களையும் கூட்டியிருக்கிறார். 1,133 நிமிடம். நிமிடத்துக்கு 25 ரூபா என்று பெருக்கினால் 28,325. பில்லோ 32,250. வித்தியாசம் 3,925. கூட்டல் சரி, பெருக்கலும் சரி. ஆனால் பேசிக்கொண்ட கணக்கு அதுவல்ல. ஏற்றுவது ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக. எல்லாவற்றையும் கூட்டிவிட்டு ஏற்றினால் அதிகபட்சம் 14 நிமிடம்தான் கூடும். வேலை வேலையாக ஏற்றினால், ஒவ்வொரு வேலையிலும் 14 நிமிடம் வரை கூட இடமிருக்கிறது. அவசர வேலையின் மேலதிகத் தொகையும் அந்தக் கூட்டலில் சேரவில்லை.

ஆகவே ஒழுங்கு இது: முதலில் நிமிடம், பிறகு ஏற்றுவது, கடைசியில் வீதத்தால் பெருக்குவது. எக்செல்லில் பார்ப்பவர்கள் B நிரலில் நிமிடத்தையும் C நிரலில் வீதத்தையும் போட்டு ஒவ்வொரு வரிக்கும் இதைக் கொடுக்கலாம்.

```
=CEILING(B2,15)/60*C2
```

இன்னொன்று. பில்லில் 3.25 என்று இருப்பது மூன்று மணித்தியாலம் 25 நிமிடம் அல்ல, மூன்றேகால். எங்களுக்குள்ளேயே ஒருவர் அதை அப்படி வாசித்துவிட்டு, "அட்டைக்கு 3 மணி 10 நிமிடம்தானே எழுதியிருக்கு, கால் மணி கூட்டிட்டானே" என்றார். 3 மணி 10 நிமிடம் மூன்றேகாலுக்கு ஏறும். 4,875 ரூபா சரி.

64 உள்பக்கங்களின் அமைப்பு 11 மணி 20 நிமிடம். பதினொன்றரைக்கு ஏறி 17,250. படங்களைச் சீர்செய்தது 2 மணி 5 நிமிடம். இரண்டேகாலுக்கு ஏறி 3,375. இரண்டு வரியிலும் பிழை இல்லை. ஐந்து நிமிடத்துக்காகப் பத்து நிமிடம் ஏறுகிறதே என்று மனம் சொல்லும். ஆனால் அதற்குத்தான் நாங்கள் சம்மதித்தோம்.

நான்காவது வரி விளம்பரப் பக்கங்கள். 1 மணி 35 நிமிடம் ஒன்றேமுக்காலுக்கு ஏறியிருக்கிறது. அதுவரை சரி. ஆனால் முழுவதும் 2,250 வீதத்தில் போட்டு 3,937.50 வந்திருந்தது. வட்ஸ்அப்பைத் திருப்பிப் பார்த்தோம். கடைசி நேரத்தில் வந்த இரண்டு விளம்பரங்களைத்தான் "நாளைக்கு வேணும்" என்று கேட்டிருந்தோம். மற்றவை ஒரு கிழமைக்கு முன்னரே கொடுத்தவை. நிமிடக் கணக்கிலும் அவை பிரிந்தே இருந்தன. முந்தியவை 65 நிமிடம், அவசரம் 30 நிமிடம். 65 நிமிடம் ஒன்றேகாலுக்கு ஏறி 1,875. 30 நிமிடத்துக்கு ஏற்றம் இல்லை, அவசர வீதத்தில் 1,125. மொத்தம் 3,000. இங்கே 937.50 கூட. தம்பியிடம் காட்டினோம். "ஓம் சேர், வரியைப் பிரிக்காமப் போட்டுட்டேன்" என்றார்.

பேச்சு நீண்டது சின்னத் திருத்தங்களில்தான். ஆறு திருத்தம், ஆறு வரி. முதல் மூன்றும் ஒரே இரவில், ஒரே மெசேஜில், காலைக்குள் வேண்டும் என்று கேட்டவை. எடுத்த நேரம் 4, 7, 5 நிமிடம். மூன்றும் தனித்தனியாகக் கால் மணிக்கு ஏறி, அவசர வீதத்தில் 1,687.50 வந்திருந்தது. ஒரே வேலையாக எடுத்தால் 16 நிமிடம். அது அரை மணிக்கு ஏறி 1,125.

"சேர், மூணும் மூணு பக்கம். ஒவ்வொண்டையும் தேடித் திறக்கணும்" என்றார் தம்பி. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கால் மணிக்கு ஏற்றுவதே, வேலையை விட்டு எழுந்து ஃபைலைத் திறந்து மூடும் நேரத்துக்காகத்தான். ஆனால் அன்று ஃபைல் திறந்தது ஒரு தடவை. "வேலை" என்றால் எது என்று அந்த மூன்று வரியில் எழுதப்படவில்லை. இந்த மாதிரிப் பில்லில் காசு கூடுவதும் குறைவதும் அந்தச் சொல்லில்தான். ஒரு மெசேஜில் கேட்டது ஒரு வேலை என்று வைத்துக்கொள்வோமா என்று கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அதில் 562.50 குறைந்தது.

அதே அளவுகோல் மற்ற மூன்றுக்கும் பொருந்த வேண்டும். அவை 12, 6, 9 நிமிடம். வேறு வேறு நாளில் கேட்டவை. ஆகவே மூன்று வேலை, மூன்று கால் மணி. அதை அவர் சரியாகவே போட்டிருந்தார். ஆனால் நடுவில் உள்ளதை "இண்டைக்கு ராவைக்குள்ள" என்று நாங்கள் கேட்டிருக்கிறோம். அது அவசரம். அவரோ சாதாரண வீதத்தில் 375 போட்டிருந்தார். வர வேண்டியது 562.50. அவர் கேட்கவே இல்லையே, விடுவோம் என்று ஒரு பேச்சு வந்தது. குழுவிலிருந்த மௌலவி சேர், "அவர்ர ஹக்கு, போட்டுக் குடுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். 187.50 கூட்டினோம்.

திருத்திய தொகை 30,937.50. சரிதானா என்று வேறு வழியாலும் பார்த்தோம். ஏற்றிய நேரம் மொத்தம் 20 மணித்தியாலம், 1,500ஆல் பெருக்கினால் 30,000. அதில் அவசரம் ஒன்றேகால் மணித்தியாலம். அதற்கு மேலதிகமாக மணிக்கு 750 வீதம் 937.50. இரண்டும் சேர்ந்து அதே தொகை. ஏற்றத்தால் கூடியது 67 நிமிடம், வேலைகள் ஒன்பது. ஒன்பது பதினான்கு 126. அதைத் தாண்டியிருந்தால் எங்கோ பிழை என்று அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும்.

ஊர் சொன்ன 3,925இல் 2,612.50 பேசிக்கொண்டபடி அவருக்குச் சேர வேண்டிய காசு. திருத்தத்தில் குறைந்தது 1,312.50. அதிலும் களவு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வரி பிரிக்காமல் விடப்பட்டது, ஒரு சொல் பேசாமல் விடப்பட்டது.

30,937.50 வங்கியில் போட்டாயிற்று. அடுத்த மலருக்கு இரண்டு வரி கூடுதலாக எழுதி இரு தரப்பும் வைத்திருக்கிறோம்: ஒரு மெசேஜில் கேட்பது ஒரு வேலை, அவசரம் என்றால் கேட்பவர் மெசேஜில் "அவசரம்" என்று எழுத வேண்டும், எழுதாவிட்டால் சாதாரண வீதம். நிமிடக் கணக்கும் திருத்திய பில்லும் காரியாலயத்தில் இருக்கின்றன. மலருக்குக் காசு தந்த எந்தப் பெற்றோரும் பாடசாலை நேரத்தில் வந்து பார்க்கலாம்.