தோஹாவிலிருந்து நானா தம்பிக்கு எழுதிய கடிதம்



எங்கள் நானா ஒன்பது வருடமாகக் கத்தாரில் இருக்கிறார். சாச்சாவின் மகனுக்கு இப்போது அங்கே ஸ்டோர் ஹெல்பர் வேலை வந்திருக்கிறது. அவன் புறப்பட முன் நானா ஒரு நீண்ட கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வீட்டில் எல்லோரும் சுற்றியிருந்து வாசித்தோம். பயணம் போகத் தயாராகும் பிள்ளைகள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருப்பதால், அதன் முக்கியமான பகுதியை இங்கே எழுதுகிறோம்.

ஏஜென்ட் தம்பியிடம் சொன்னது, "சம்பளம் 1,800 ரியால்." ரியாலுக்கு 80 ரூபாய் என்று பெருக்கி, மாதம் 1,44,000 வரும் என்று சாச்சி கணக்குப் போட்டு வைத்திருந்தார். நானா முதலில் கை வைத்தது அந்தக் கணக்கில்தான்.

"தம்பி, 1,800 என்று கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. இந்த நாட்டுச் சட்டப்படி ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால். கம்பெனி சாப்பாடு தராவிட்டால் அதற்கு 300, தங்குமிடம் தராவிட்டால் அதற்கு 500 தர வேண்டும். மூன்றையும் கூட்டினால்தான் 1,800. உனக்கு ரூம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்போ அந்த 500 உன் கைக்கு வராது. கையில் வருவது 1,300."

அதிலிருந்து செலவைக் கழித்துக் காட்டியிருந்தார். ரூமில் நாலைந்து பேர் சேர்ந்து சமைத்தாலும் சாப்பாட்டுக்கு 400 போகும். ஃபோனுக்கு 70. சவர்க்காரம், முடிவெட்டு, மருந்து, அவசரத்துக்கு ஒரு டாக்சி என்று 130. மீதி 700 ரியால், அதாவது 56,000 ரூபாய். சாச்சியின் வீட்டுச் செலவுக்கு 30,000 அனுப்பினால், கடனுக்கு மிஞ்சுவது 26,000.

பயணச் செலவுக்கு 3,50,000 ரூபாய் தேவை என்று, சாச்சி தன் நகையையும் காணி உறுதியையும் ஈடு வைக்க இருந்தார். வட்டியே இல்லாவிட்டாலும் அதைக் கட்டி முடிக்க 13 மாதத்துக்கு மேல் ஆகும். "முதல் வருஷம் நீ உழைப்பது வீட்டுக்கு இல்லை, கடனுக்கு. அடுத்த நோன்புக்குள் வீட்டுக்கு தட்டுப் போடுவேன் என்று உம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வராதே. கத்தார் சட்டப்படி தொழிலாளியிடம் ஆட்சேர்ப்புக் கட்டணம் வாங்கக் கூடாது. இந்தப் பணம் எதற்கு என்று பற்றுச்சீட்டோடு கேள்."

"ஓவர்டைம் செய்து சமாளிக்கலாம்" என்று தம்பி முன்பே நானாவிடம் சொல்லியிருந்தானாம். அதற்கும் பதில் இருந்தது. ஓவர்டைம் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். 1,000 ரியாலை 30 நாளாகவும் 8 மணித்தியாலமாகவும் பிரித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு நாலு ரியாலுக்குச் சற்று மேல். அதில் கால்வாசி கூட்டினால் ஐந்து ரியால் சொச்சம். இரண்டு மணித்தியாலம் கூடுதலாக நின்றால் பத்து ரியால் கிடைக்கும், அதுவும் வேலை இருக்கும் மாதத்தில் மட்டும். வேலை விட்டு வரும்போது தரும் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தில்தான், வருடத்துக்கு மூன்று வாரச் சம்பளம். அதனால், "மொத்தம் எவ்வளவு என்று கேட்காதே, பேசிக் எவ்வளவு என்று கேள்" என்று எழுதியிருந்தார்.

கொழும்பில் கத்தார் விசா நிலையத்தில் மெடிக்கல், கைரேகை எல்லாம் எடுக்கும்போது ஒப்பந்தத்திலும் கையொப்பம் வாங்குவார்கள். அதில் பேசிக், சாப்பாடு, தங்குமிடம் என்று தனித்தனியாக இருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்னதும் அதில் இருப்பதும் வேறாக இருந்தால் கையொப்பம் வைக்காமல் திரும்பி வர வேண்டும் என்பது நானாவின் கண்டிப்பு. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு பேசுவதைவிட, கொழும்பிலிருந்து பஸ் ஏறி ஊருக்கு வருவது லேசு. "விசிட் விசாவில் போ, பிறகு மாற்றலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தச் சொன்னார். வேலை விசாவில், பணியகத்தில் பதிந்துதான் புறப்பட வேண்டும்.

கடைசியில் எங்களுக்கும் இரண்டு வரி இருந்தது. "முதல் மூன்று மாதம் அவனிடம் எதுவும் கேட்காதீங்க. முதல் சம்பளம் வரவே ஒன்றரை மாதம் ஆகலாம். அவன் ஃபோனில் சிரிச்சால் எல்லாம் நல்லம் என்று நினைக்காதீங்க."

வாசித்து முடித்ததும் சாச்சி ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் தம்பி ஏஜென்டுக்கு எடுத்து பேசிக்கையும் பற்றுச்சீட்டையும் கேட்டான். "அதெல்லாம் அங்கே போய்ப் பார்க்கலாம்" என்று பதில் வந்தது. இப்போது காணி உறுதி அலுமாரியில்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்க்கும் வரை அது வெளியே வராது என்று சாச்சி சொல்லிவிட்டார். தம்பி போகத்தான் போகிறான். ஆனால் 1,300 ரியாலுக்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போவான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை புறப்பட இருந்தால், இன்றைக்கே அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: பேசிக் எவ்வளவு?