ஒன்பது சுண்டல், ஒரு ஆழாக்கு

நவராத்திரி என்றவுடன் எல்லோருக்கும் கொலுப்படியும் பொம்மையும் ஞாபகம் வரும். வந்து உட்கார்ந்து பாடிவிட்டுப் போகிறவர்களுக்கு ஞாபகம் வருவது சுண்டல். ஆனால் அந்தச் சுண்டலைப் பண்ணுகிறவர்களுக்கு ஞாபகம் வருவதோ, "ராத்திரி ஊறப்போட்டோமா?" என்ற ஒரே கேள்விதான்!

மேற்கு மாம்பலத்தில் ஒரு வீடு. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். மனைவிக்கு தி.நகரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை. மாமியார் இருந்தவரை கொலு அவர் பொறுப்பு. 2023-ல் அவர் காலமானார். அந்த வருஷம் கொலு வைக்கவில்லை. 2024-ல் முதல் தடவையாக ஒன்பது நாளும் மருமகள் தலையில் விழுந்தது. சிக்கல் என்னவென்றால், மாமியார் எதையும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் கைக்கணக்கு. மிச்சம் இருந்தது பருப்பு டின்னுக்குள் கிடந்த ஒரு பித்தளை ஆழாக்கு மட்டும்.

அவர் கணக்குப் படித்தவர் இல்லையா, முதலில் அந்த ஆழாக்கைத்தான் கையில் எடுத்தார். கொண்டைக்கடலையைத் தலைதட்டி அளந்து சமையலறைத் தராசில் வைத்தால் ஏறக்குறைய 130 கிராம். காய்ந்த கடலை ஊறி வெந்த பிறகு சுமார் இரண்டேகால் மடங்காகும். சுண்டல் கொடுக்கிற சின்னக் காகிதக் கிண்ணம் ஒன்றில் 60 கிராம் பிடிக்கும். ஆக ஒரு ஆழாக்குக்கு கிட்டத்தட்ட ஐந்து கிண்ணம். சாதாரண நாளில் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வருகிறவர்கள் பன்னிரண்டு பேர், வீட்டில் நாலு பேர், மொத்தம் 16. அதற்கு நாலு ஆழாக்கு போதும், கொஞ்சம் மிஞ்சவும் மிஞ்சும். சனி, ஞாயிறு, சரஸ்வதி பூஜையன்று முப்பது பேர் வரலாம் என்று ஆறு ஆழாக்கு. மாமியார் டின்னிலிருந்து நாலு தடவையோ ஆறு தடவையோ அள்ளிப் போட்டதை அவர் பார்த்திருக்கிறார். அது ஏன் என்பது இப்போதுதான் புரிந்தது.

அடுத்தது உப்பு. இது கொஞ்சம் வம்பு பிடித்த விஷயம். நைவேத்தியம் ஆகும்வரை வாயில் போட்டுப் பார்க்கக் கூடாது. ருசி பார்க்காமல் உப்பு போடுவது எப்படி? அளவை நம்பித்தான் போடவேண்டும். இரண்டு ஆழாக்குக்கு ஒரு தேக்கரண்டி தூள் உப்பு, தலைதட்டி. கல்லுப்பு கூடாது என்றில்லை, ஆனால் கல்லின் அளவைப் பொறுத்துக் கரண்டிக்குக் கரண்டி எடை மாறும். இன்னொன்று, குக்கரில் போட்ட உப்பில் ஒரு பங்கு வடிக்கிற தண்ணீரோடு போய்விடும், எவ்வளவு போனது என்று தெரியாது. அதனால் வடித்த பிறகு தாளித்து, உப்பை ஒரு கை தண்ணீரில் கரைத்து ஊற்றி, சின்னத் தீயில் ஈரம் சுண்டும்வரை பிரட்டினார். அப்படிச் செய்தால் உப்பு உள்ளே பிடிக்கும். 'சுண்டல்' என்ற பேரே அதில்தானே இருக்கிறது!

வெந்ததா என்று பார்ப்பதற்கும் வாய் கூடாது, விரல்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தோல் கிழியாமல் பருப்பு மாவாக நசுங்கவேண்டும். நடுவில் கரடு தட்டுப்பட்டால் இன்னும் ஒரு விசில்.

இனி நேரக் கணக்கு. மாலை ஐந்தரைக்கு வீடு, ஆறு மணிக்கு விளக்கு, ஆறரைக்கு முதல் விருந்தாளி. குக்கர் இருபது நிமிஷம், ஆவி அடங்கப் பத்து, தாளித்து இறக்கப் பத்து. ஐந்தரைக்கு அடுப்பில் ஏற்றினால் ஆறு பத்துக்குத் தயார். சரி, எப்போது ஊறப்போடுவது? ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் மறுநாள் சாயங்காலத்துக்குள் பத்தொன்பது மணி நேரம் ஆகிவிடும். சென்னைப் புழுக்கத்தில் தண்ணீர் நுரைத்து, புளித்த வாடை வரும். நுரை வந்தால் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதனால் அவர் காலை ஏழரைக்கு, அலுவலகம் கிளம்புமுன் ஊறப்போட்டார். சாயங்காலத்துக்குள் பத்து மணி நேரம், கொண்டைக்கடலைக்கும் பட்டாணிக்கும் சரியாக இருக்கும்.

அப்புறம்தான் தேதியை வரிசையாக எழுதினார். 2024-ல் நவராத்திரி அக்டோபர் 3, வியாழக்கிழமை ஆரம்பம். 11, வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூஜை. நவக்கிரகத் தானியத்தைப் பார்த்து வியாழனுக்குக் கொண்டைக்கடலை, புதனுக்குப் பச்சைப்பயறு என்று போடுவது பல வீடுகளில் வழக்கம். வெள்ளிக்கிழமைக்குப் புட்டு. ஆனால் இவர் காலண்டரில் இன்னும் இரண்டு 'கிரகங்கள்' இருந்தன. 7-ம் தேதி டி.டி.எஸ். கட்டக் கடைசி நாள். 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கலுக்குக் கடைசி நாள். அன்று விடுமுறை என்பதால் வேலை முழுக்க 10-ம் தேதி வந்து நிற்கும். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இந்தத் தேதிகளின் அருமை தெரியும்! அந்த இரண்டு நாளும் வீடு திரும்பவே ஆறே கால் ஆகலாம். விளக்கை அவர் கணவர் ஏற்றிவிடுவார், சுண்டலை ஏற்ற முடியாதே?

அதனால் அந்த இரண்டு நாளுக்கும் சீக்கிரம் வேகிற பருப்பைப் போட்டார். 7-ம் தேதி திங்களன்று பயத்தம்பருப்பு. அரை மணி ஊறினால் போதும், திறந்த பாத்திரத்தில் பத்து நிமிஷத்தில் வெந்துவிடும். குக்கரில் போட்டால் பொங்கலாகிவிடும், ஜாக்கிரதை. 10-ம் தேதி வியாழனன்று கடலைப்பருப்பு. ஒரு மணி நேரம் ஊறவேண்டும், அதைக் கணவர் ஐந்து மணிக்குப் போட்டு வைப்பதாக ஏற்பாடு. கடலைப்பருப்பு என்பது உடைத்த கொண்டைக்கடலைதானே, வியாழக்கிழமைக்கும் பொருத்தமாகப் போயிற்று.

மற்ற நாட்கள் தானாக அமைந்தன. 3 வியாழன் வெள்ளைக் கொண்டைக்கடலை. 4 வெள்ளி புட்டு. 5 சனி பட்டாணி, கூடச் சனிக்கு எள்ளுருண்டை. 6 ஞாயிறு மொச்சை. மொச்சை எத்தனை விசிலில் வேகும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது, அதனால் வீட்டில் இருக்கிற நாளில் வைத்துக்கொண்டார். 8 செவ்வாய் காராமணி வெல்லச் சுண்டல். 9 புதன் பச்சைப்பயறு. 11 வெள்ளி கறுப்புக் கொண்டைக்கடலை.

ஆரம்பிப்பதற்கு முன்னால், செப்டம்பர் 29 ஞாயிறன்று ஒரு வெள்ளோட்டம். ஒவ்வொரு டின்னிலிருந்தும் ஒரு பிடி எடுத்துத் தனித்தனிக் கிண்ணத்தில் ஊறப்போட்டார். பத்து மணி நேரம் கழித்து ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்து பார்த்தார். உள்ளே முழுக்க ஒரே நிறமாக இருந்தால் ஊறிவிட்டது. நடுவில் காய்ந்த வெள்ளைப் பொட்டு தெரிந்தால் ஊறவில்லை. பழைய டின்னில் இருந்த வெள்ளைக் கொண்டைக்கடலையில் அந்தப் பொட்டு இருந்தது. நாட்பட்ட சரக்கு எவ்வளவு ஊறினாலும் அப்படித்தான் நிற்கும். சமையல் சோடா போட்டு மசிய வைக்கலாம், ஆனால் தோல் கழன்று, வாயில் சோப்பு வாடை வரும். அவர் புதிதாக ஒரு கிலோ வாங்கினார். பழையது அரைத்து மாவாகிவிட்டது.

புட்டு தனிக் கதை. பச்சரிசி மாவை வியாழன் ராத்திரியே வறுத்து வைத்துவிட்டார். மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரைத் தெளித்துப் பிசிறி, பிடித்தால் பிடிபட்டு, உதிர்த்தால் உதிரவேண்டும். அந்தப் பதத்தில் ஆவியில் பத்து நிமிஷம். எல்லாம் பாகில்தான் இருக்கிறது. வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வரவேண்டும். இளம்பாகாக இருந்தால் புட்டு கொழுக்கட்டை மாவாகிவிடும். சரியான பாகு ஊற்றினாலும் முதலில் கட்டி தட்டிப் பயமுறுத்தும். அரை மணி ஆறவிட்டு உதிர்த்தால் பொலபொலவென்று வரும். முதல் தடவை பண்ணுகிறவர்கள் பலரும் அந்த அரை மணியில் பதறிப்போய் எதையாவது ஊற்றிக் கெடுத்துவிடுவார்கள்.

காராமணியில் வேறு கண்ணி. வெல்லம் சேர்ந்துவிட்டால் அதற்கப்புறம் பயறு வேகாது, எவ்வளவு கொதித்தாலும் கடிபடும். முழுக்க வேகவைத்து, வடித்து, விரலால் அழுத்திப் பார்த்த பிறகே வெல்லக் கரைசல். எலுமிச்சை, மாங்காய் போன்ற புளிப்புக்கும் இதே விதி.

தேங்காயில்தான் அவர் முதல் நாளே மாற்றம் செய்தார். துருவிய தேங்காய் கலந்த சுண்டல் சூடாக மூடி இருந்தால் எட்டரை மணிக்கே ஒரு மாதிரி வழவழப்பு வந்துவிடும். அதனால் நைவேத்தியத்துக்குச் சின்னப் பாத்திரத்தில் தனியாக எடுத்துத் தேங்காய் போட்டார். மற்றதில் ஆட்கள் வர வரக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தார். மிஞ்சிய சுண்டல் மறுநாள் காலை டிபன் டப்பாவுக்குக் கெடாமல் வந்தது.

நாலாம் நாள் எதிர்வீட்டு மாமி கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுக் கேட்டார். "உன் மாமியார் போடற உப்பு மாதிரியே இருக்கேடி! எப்படிப் பார்த்தே?"

"பார்க்கலை மாமி. அவா ஆழாக்குலதான் அளந்தேன்."

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டார்.

2025-ல் அதே தாளை எடுத்துக் கிழமையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். செப்டம்பர் 22 திங்கள் ஆரம்பம், அக்டோபர் 1 புதன் சரஸ்வதி பூஜை. விரல் விட்டு எண்ணினால் பத்து சாயங்காலம்! ஒரு திதி இரண்டு சூரிய உதயங்களைத் தொட்டதால் ஒரு நாள் கூடிவிட்டது. ஒன்பதோடு முடிந்த தாளின் அடியில் அவர் பத்தாவதாக ஒரு வரி எழுதினார்: "வேர்க்கடலை, நாலு ஆழாக்கு, உப்பு ரெண்டு."