ஒரு படத்துக்கு ஒரு படி

எமது அயலில் வசிக்கும் மாமி ஒருவர், தையல் இயந்திரம் வாங்குவதற்கென 120,000 ரூபாய் கடன் பெற எண்ணியிருந்தார். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டு மாதத் தவணை. வெள்ளிக்கிழமை கையொப்பமிட வேண்டும். அந்த வட்டி எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை அவர் கேட்கவில்லை. அவரைப் போன்றோர் பலருக்கும் உதவுமென்று, அதனை இன்ஸ்டகிராமில் ஒரு கரோசல் பதிவாக எழுத முனைந்தோம். ஒரே பதிவில் பல படங்களை வரிசையாக வைத்து, வாசிப்பவர் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும்படி அமைப்பதே கரோசல்.

முதலில் எழுதியதில் பத்துப் படங்கள் இருந்தன. முதற்படத்திலேயே வட்டி முறைகளின் பெயர்களுக்கு விளக்கம் கூறினோம். மூன்றாம் படத்தில் நூறு ரூபாயை உதாரணமாகக் காட்டி, ஐந்தாம் படத்தில் 120,000 ரூபாய்க்குத் தாவினோம். மாமியிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து, வாய் திறவாது அவருடைய விரலையே கவனித்தோம். ஐந்தாம் படத்தை அடைந்ததும் விரல் பின்னோக்கித் தள்ளியது; மீண்டும் முன்னே வந்தது; பின்னர் நின்றுவிட்டது. வாசிப்பவர் பின்னோக்கித் தள்ளும் இடத்துக்கு முன்னே ஒரு படி விடுபட்டிருக்கிறது என்பதை அன்று அறிந்தோம்.

அன்றிரவே யாவற்றையும் அழித்துப் புதிதாக எழுதினோம். கற்பிக்க வேண்டியது ஒன்றே: திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் வட்டி வாங்கப்படலாம். அந்த ஒன்றை வாக்கியமாக முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு உதவாத படங்களை விலக்கினோம். எஞ்சியவை ஏழு.

முதற்படத்தில் ஒரு வினா மாத்திரம்: 120,000 ரூபாய் கடனுக்கு, ஒரே பன்னிரண்டு வீதத்தில், ஒருவர் 14,400 ரூபாய் வட்டி கட்டினார், மற்றவர் 7,800 ரூபாய் கட்டினார். ஏன்? இரண்டாம் படம்: மாதந்தோறும் முதலில் 10,000 ரூபாய் திருப்பிக் கொடுக்கிறோம். மூன்றாம் படம்: ஆறு மாதம் சென்றபின் எம்மிடம் எஞ்சியிருக்கும் கடன் 60,000 ரூபாயே. அப்படியாயின் ஏழாம் மாத வட்டி எந்தத் தொகைக்கு?

நான்காம் படம் முதல் முறையைக் காட்டிற்று. எவ்வளவு கட்டி முடித்தாலும் 120,000 ரூபாய்க்கே வட்டி. மாதம் 1,200 ரூபாய், பன்னிரண்டு மாதத்துக்கு 14,400. ஐந்தாம் படம் மற்ற முறை. எஞ்சிய கடனுக்கு மாத்திரம் வட்டி. முதல் மாதம் 1,200, அடுத்தது 1,100, பின்னர் 1,000 என இறங்கி, இறுதி மாதம் 100. கூட்டினால் 7,800. ஆறாம் படத்திலேதான் பெயர்களைச் சொன்னோம்: முழுத்தொகைக்கான வட்டி, குறைந்து செல்லும் மீதிக்கான வட்டி. பொருள் விளங்கிய பின்னர் வரும் பெயர் மனத்தில் தங்கும். முன்னர் வந்தால் தடைக்கல்லாகும். ஏழாம் படம், கையொப்பமிடுமுன் கேட்க வேண்டிய கேள்வி.

ஒவ்வொரு படத்தின் கடைசி வரியும் அடுத்த படம் விடையளிக்கும் வினாவாக அமைந்தது. முதலிலிருந்து முடிவுவரை ஒரே 120,000 ரூபாயே நடந்தது. ஒரு படத்தில் இருபத்தைந்து சொற்களுக்கு மேற்படவில்லை. எழுத்தைச் சிறிதாக்கி இடம் தேடுவதினும், இன்னொரு படம் சேர்ப்பதே நன்று.

விட்டுவிட்டதும் ஒன்றுண்டு. குறைந்து செல்லும் மீதி முறையிலும் மாதத் தவணையைச் சமமாக வைப்பதே பெருவழக்கு. அப்போது மொத்த வட்டி சுமார் 7,940 ரூபாயாகும். அதனைப் படத்துள் புகுத்தினால் நூல் அறுந்துவிடும், மறைத்தாலோ பொய்யாகும். ஆதலால், பதிவின் கீழ் எழுதும் குறிப்பில் அதனைச் சேர்த்தோம். கடனுக்கான வேறு கட்டணங்களையும் கேட்டறியும்படி அங்கேயே எழுதினோம்.

மறுநாள் மாமி மீண்டும் பார்த்தார். விரல் பின்னோக்கிச் செல்லவில்லை. நான்காம் படத்தில் நின்று, எம்மை நிமிர்ந்து பார்த்து, “கட்டின காசுக்கும் வட்டியோ, தம்பி?” என்றார். நாம் எழுதி வைத்த வாக்கியத்தை, நாம் சொல்லாமலே அவர் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் ஏழாம் படத்திலிருந்த கேள்வியைக் கேட்டிருக்கிறார். “முழுத் தொகைக்குத்தான்” என்ற விடை வந்ததாம். கையொப்பமிடாத தாளுடன் வீடு திரும்பியவர், வேறோரிடத்தில் விசாரிப்பதற்கு எம்மையும் துணைக்கு அழைத்தார்.