கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோஜாத் தொட்டி

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயிலில் சுமார் 48 கிலோமீட்டர். எண்ணூர் வரை புகைபோக்கிகள், மீஞ்சூர் தாண்டினால் வயல், பொன்னேரிக்குப் பிறகு மீண்டும் தொழிற்சாலைகள். ஸ்டேஷனில் இறங்கினால் சிப்காட்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோக்கள் கூவி அழைக்கும். நான் போனது சிப்காட்டுக்கு அல்ல. கொல்கத்தா நெடுஞ்சாலையோரம், எளாவூர்ப் பக்கம் போகும் வழியில் இருக்கும் ஒரு நர்சரிக்கு. இரும்புத் தூசி படிந்த அந்த ஊரில் செடி வாங்க யார் வருவார்கள் என்று கேட்பீர்கள். அந்த நர்சரி அம்மாளின் செல்போன் ரீல்களைப் பார்த்துவிட்டு அம்பத்தூரிலிருந்துகூட வருகிறார்கள்!

ரீல் என்பது ஒரு சின்னப் படம். 2020 ஜூன் மாதக் கடைசியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் நம் நாட்டில் இந்த ரீலைக் கொண்டுவந்தது. ஊரடங்கில் வீட்டிலிருந்தவர்கள் எல்லாம் மாடியில் தொட்டி வைக்க ஆரம்பித்த சமயம் அது. அந்த அம்மாளின் மகனும் அப்போதுதான் ஆரம்பித்தானாம்.

"முதல்ல செடிங்களை வரிசையா காட்டி வெலை சொல்வோம்க்கா. பாக்கறவங்க நெறைய. 'எவ்ளோ, எங்க இருக்கு'ன்னு கேப்பாங்க, அதோட சரி. அப்புறம் ஒரு நாளு செத்த ரோஜாவைக் காட்டினோம். அன்னைலேர்ந்துதான் ஆளு வர ஆரம்பிச்சாங்க" என்றார் அவர்.

செத்த ரோஜாவா என்று எனக்கும் ஆச்சரியம்தான். விஷயம் இதுதான். இந்தச் சாலையில் செடி ஏற்றிய லாரிகள் பல ராஜமுந்திரிக்குப் பக்கத்திலுள்ள கடியத்திலிருந்து வருகின்றன. சுமார் 600 கிலோமீட்டர். அங்கே கிராமம் கிராமமாக நர்சரிகள். கோதாவரிப் படுகையின் களிப்பான மண்ணில் வேரை உருண்டையாகப் பிடித்துக் கட்டி, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்புகிறார்கள். களிமண் என்பதால்தான் அத்தனை தூரம் குலுங்கியும் வேர் உதிர்வதில்லை. பயணத்துக்கு அது நல்லது. நம் வீட்டுத் தொட்டிக்கோ அதுவே வினை.

நான் போன அன்று காலை ஏழு மணிக்கே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எட்டுக்கு மேல் லாரி ஹாரன் சத்தத்தில் பேச்சே கேட்காதாம். பின்னணிப் பாட்டும் கிடையாது. வீட்டில் குழந்தை தூங்கும்போது சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்காகப் பேச்சை எழுத்தாகவும் கீழே போடுகிறான் பையன். "முதல் மூணு செகண்டுல கைய வச்சிட மாட்டாங்களான்னு பாக்கணும்க்கா, இல்லேன்னா தள்ளி வுட்டுடுவாங்க" என்று அவன் சொன்னது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அதனால் வணக்கம், வரவேற்பு ஒன்றும் கிடையாது. அம்மாள் வாடிய ரோஜாவைத் தொட்டியோடு கவிழ்த்தார். உள்ளேயிருந்து களிமண் உருண்டை, கிரிக்கெட் பந்து மாதிரி, அப்படியே வந்தது. கத்தியால் இரண்டாக வெட்டிக் காட்டினார். சுற்றிலும் போட்டிருந்த தென்னை நார்க் கழிவு நனைந்திருக்கிறது, உருண்டையின் நடுவே காய்ந்த செங்கல்! ஊற்றிய தண்ணீர் இளகிய வெளிமண்ணோடு வழிந்து ஓட்டை வழியாகப் போய்விட்டிருக்கிறது. வேர் மட்டும் தாகத்தில் இறந்திருக்கிறது.

மழைக்காலத்தில் இதுவே தலைகீழாகும். ஐப்பசி, கார்த்திகையில் உருண்டை தண்ணீரைக் குடித்துவிட்டு விடவே விடாது. வேர் அழுகும், கீழ் இலைகள் மஞ்சளாகி உதிரும். இரண்டிலும் செடி வாடித்தான் தெரியும். நாமோ வாட்டத்தைக் கண்டதும் சொம்போடு ஓடுகிறோம்! அழுகும் செடிக்கு அதுதான் கடைசிச் சொம்பு.

எது தாகம், எது அழுகல் என்று கண்டுபிடிக்க அவர் சொன்ன வழி மிக எளிது. விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட வேண்டும். வெளி மண்ணில் அல்ல, தண்டை ஒட்டி, உருண்டைக்குள். விரல் இறங்காமல் கெட்டியாக இருந்து, தொட்டியும் லேசாக இருந்தால் தாகம். அப்போது தொட்டியையே ஒரு வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும் வரை உட்கார வைக்க வேண்டும். விரல் பிசுபிசுவென்று வந்து, புளித்த வாடை அடித்து, தொட்டி கனமாக இருந்தால் அழுகல். தண்ணீரை நிறுத்தி, தட்டை எடுத்துவிட்டு, காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். அழுகல் தண்டுவரை ஏறியிருந்தால் பிழைக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

புதுச் செடியை மாற்றும்போது பையோடு அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வைக்கிறார். பையைக் கிழித்ததும் உருண்டையை உடைக்காமல், ஓரத்து மண்ணை மட்டும் விரலால் தேய்த்துக் கரைக்கிறார். முழுக்க உடைத்தால் ரோஜாவின் நுனிவேர் அறுந்துபோகுமாம். செம்மண், தென்னை நார்க் கழிவு, மக்கிய தொழு உரம் மூன்றும் சமம், ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. ஒட்டுப் போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். ஒரு வாரம் நிழல், பிறகுதான் வெயில்.

இவ்வளவையும் இலவசமாகச் சொல்லிவிட்டால் வியாபாரம் என்னாவது என்று கேட்டேன். "செத்தா திரும்ப வாங்குவாங்கன்னு நெனைக்கிறீங்களா? 'நம்ம கைக்கு ராசியில்ல'ன்னு வுட்டுடுவாங்க. பொழைச்சாதான் இன்னொண்ணு வாங்குவாங்க" என்றார். ஓட்டைகள் சரியாகப் போட்ட தொட்டி, கலந்து கட்டிய மண் மூட்டை, வேப்பம்புண்ணாக்கு – ரீலுக்குப் பிறகு இவைதான் செடியைவிட அதிகம் நகருகிறதாம். வருபவர்கள் செல்போனில் வாடிய செடியின் படத்தோடு வருகிறார்கள். படத்தை மட்டும் பார்த்து அவர் பதில் சொல்வதில்லை. "தொட்டிய தூக்கிப் பாத்தீங்களா, கனமா இருந்துச்சா?" என்பதுதான் முதல் கேள்வி.

ஏழு நாளில் நூறு பூ என்று வாழைப்பழத் தோலையும் காபித்தூளையும் காட்டும் ரீல்களை அவர் செய்ய மாட்டார். பையனுக்கு இதில் கொஞ்சம் வருத்தம். அவற்றுக்குத்தான் பார்வை அதிகம். பாலும் சர்க்கரையும் கலந்த டீச் சக்கையைக் கொட்டிவிட்டு எறும்போடு மல்லாடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அம்மாள் பக்கம்தான் என் ஓட்டு.

ஆனால் ஒரு நிமிஷத்தில் சொல்ல முடியாதது தண்ணீர். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல் நீர் புகுந்து பல வருஷங்களாகிவிட்டன. இப்படி உப்பேறிய போர் தண்ணீரை ஊற்றினால் இலையின் நுனியும் விளிம்பும் தீய்ந்த மாதிரி பழுப்பாகும், மண் தொட்டியின் வெளியே வெள்ளையாகப் பூக்கும். போதாததற்கு, வீட்டுக்கு வீடு இருக்கும் ஆர்.ஓ. கருவியின் கழிவுத் தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று செடிக்கு விடுகிறோம். கருவி வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தானே இருக்கிறது! பாத்திரம் அலம்பவும் தரை துடைக்கவும் அது போதும். உப்பேறிய தொட்டிக்கு, அடி ஓட்டை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தொட்டியைப் போல் இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவ வேண்டும். மழைத் தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது.

இதைக் கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் விடுகிறவர் பார்த்து என்ன செய்வார்? அதற்குத்தான் ரீலின் முடிவில் "உங்க ஊர்த் தண்ணி எப்படி?" என்று அவர் கேட்கிறார். பதிலில் ஊரும் தண்ணீரும் வந்த பிறகே யோசனை.

நான் கிளம்பும் சமயம், சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி வாடிய துளசியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ரீலைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். பாஷை புரியவில்லை, கை புரிந்திருக்கிறது. அம்மாள் தண்டையொட்டி விரலை விட்டார். ஏதோ தடுத்தது. கவிழ்த்துப் பார்த்தால், கறுப்புப் பிளாஸ்டிக் பை கிழிக்கப்படாமல் அப்படியே உள்ளே!

"டேய், கேமராவ எடுத்தாடா" என்றார் மகனைப் பார்த்து.