நாலு பக்கமும் குஞ்சம்

பவானியிலிருந்து வந்த ஜமக்காளம் ஒன்று மேசை மேல் பாதி விரிந்து கிடந்தது. பக்கத்துத் திரையில் அதே ஜமக்காளம், வெயில் விழும் ஒரு வரவேற்பறையில், மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு முன்னால் கிடந்தது. அப்படி ஒரு வரவேற்பறை எங்கும் கிடையாது. தரையில் விரித்து ஃபோனில் எடுத்த படத்தைக் கொடுத்ததும் மென்பொருள் வரைந்து தந்த அறை அது.

கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடி அறை. கைத்தறிப் பொருள்களை இணையத்தில் விற்கும் சிறிய கடைக்காக இரண்டு பெண்கள் இங்கே படங்களுக்கு மாற்று உரை எழுதுகிறார்கள். பார்வையற்றவர்களின் ஃபோனிலும் கணினியிலும் இருக்கும் திரைவாசிப்பான், ஒரு படத்தை அடைந்ததும் அதன் alt என்ற இடத்தில் உள்ள வரியைக் குரலில் படிக்கும். அந்த இடமே இல்லாவிட்டால் பல நேரம் கோப்பின் பெயரைப் படித்துவிட்டுப் போகும். ‘ஐஎம்ஜி நாலு ஏழு இரண்டு’ என்று கேட்டு யார் ஜமக்காளம் வாங்குவார்கள்? கடைக்கு ஐரோப்பாவிலும் வாடிக்கையாளர்கள் உண்டு. 2025 ஜூன் 28 முதல் அங்கே நுகர்வோருக்கு விற்கும் இணையக் கடைகளை அணுகல் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. மிகச் சிறிய கடைகளுக்கு அதில் விலக்கு இருந்தாலும், இந்த வேலை தொடங்கியது அந்தப் பேச்சிலிருந்துதான்.

இருவரில் மூத்தவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பல வருடம் செக்கிங்கில் இருந்தவர். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று துணியைப் புரட்டிப் புரட்டிப் பழகிய கண். இளையவர் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். திரையில் இருந்த படத்துக்கு மென்பொருள் தானாகவே ஒரு விளக்கமும் எழுதியிருந்தது: வெளிச்சமான வரவேற்பறை, சோபா, தொட்டியில் செடி, தரையில் வண்ண விரிப்பு. விற்கிற பொருள் கடைசியில் இரண்டே வார்த்தையில் வந்துபோனது. இளையவர் அதை அப்படியே அழித்தார்.

அக்கா ஜமக்காளத்தின் பட்டைகளை விரலால் தொட்டு எண்ணினார். ஒன்பது. பிறகு திரையில் எண்ணினார். பதினொன்று. “எழுதறதுக்காக எண்ணுனாத்தானுங்க இது தெரியும். சும்மா பார்த்தா எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும்” என்றார்.

அடுத்துக் குஞ்சத்தைக் காட்டினார். படத்தில் ஜமக்காளத்தின் நாலு பக்கமும் குஞ்சம் தொங்கியது. தறி தெரிந்தவருக்கு அது நடக்காத காரியம் என்று உடனே புரியும். பாவு நூல் நீளவாக்கில் ஓடுகிறது. தறியிலிருந்து அறுத்தெடுக்கும்போது அதன் முனைகள் மேலும் கீழும் மட்டுமே தொங்கும், அவற்றைத்தான் குஞ்சமாக முடிவார்கள். ஊடை நூல் பக்கவாட்டில் போய்த் திரும்பி வருகிறது. அந்த ஓரத்தில் தொங்குவதற்கு நூல் முனையே இல்லை. பட்டைகள் அகலவாக்கில் விழுவதும் ஊடையால்தான். இந்த ஜமக்காளத்தில் தடித்த ஊடை பாவை முழுக்க மூடிவிடுகிறது. நெசவாளி ஊடையின் நிறத்தை மாற்ற மாற்ற, பட்டை மாறுகிறது. படத்திலோ ஒரு மூலையில் பட்டைகள் வளைந்து நீளவாக்கில் திரும்பியிருந்தன. மென்பொருள் ஆயிரக்கணக்கான விரிப்புகளின் படங்களைக் கண்டிருக்கலாம். தறி அதற்குத் தெரியாது.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. படத்தில் உள்ளபடி எழுதினால் பொய்யைக் காதுக்கும் கொண்டுபோகிறோம். மேசையில் உள்ளபடி எழுதினால், பார்ப்பவருக்கு ஒரு ஜமக்காளம், கேட்பவருக்கு வேறொரு ஜமக்காளம் என்று ஆகிவிடும். அதனால் துணியும் படமும் ஒத்துப்போகும்வரை இங்கே மாற்று உரை எழுதுவதில்லை. படம் திரும்பிப் போகிறது. இந்த வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பார்வையற்ற வாடிக்கையாளருக்காக எழுத உட்கார்ந்தவர்களே, பார்வையுள்ளவர்களும் ஏமாறாமல் தடுக்கிறார்கள்.

திருத்தமும் கடினமில்லை. ஃபோனில் எடுத்த ஜமக்காளத்தைத் தொடாமல் மறைத்து வைத்து, சுற்றியுள்ள இடத்தை மட்டும் வரையச் சொல்லலாம். திரும்பி வந்த படத்தில் பட்டை ஒன்பதுதான். அப்படியும் அக்கா அளவைச் சரிபார்த்தார். மூன்று பேர் உட்காரும் சோபா ஏறக்குறைய ஆறேழு அடி இருக்கும். ஆறடி ஜமக்காளம் அதைத் தாண்டி நீண்டு கிடந்தால் படம் தவறு. இந்த முறை சரியாக இருந்தது. இனி எழுதலாம்.

```html
<figure lang="ta">
<img src="bj-04.jpg" alt="பவானி ஜமக்காளம், முழுதாக விரித்தபடி. அகலவாக்கில் அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் பட்டைகள் இதே வரிசையில் மூன்று முறை வருகின்றன. மேல், கீழ் முனைகளில் மட்டும் விரல் நீளக் குஞ்சம்.">
<figcaption>நாலு அடி அகலம், ஆறு அடி நீளம். அறை கணினி வரைந்தது; ஜமக்காளம் நேரில் எடுத்த படம்.</figcaption>
</figure>
```

‘படம்’ என்று தொடங்கவில்லை. அதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும். சோபாவும் செடியும் உரையில் இல்லை, அவை விற்பனைக்கு இல்லை. அறை கணினி வரைந்தது என்ற செய்தி எல்லாருக்கும் வேண்டியது. அதனால் அது படத்தின் கீழே கண்ணுக்குத் தெரியும் குறிப்பில் இருக்கிறது. மாற்று உரையில் உள்ளதையே குறிப்பிலும் எழுதினால் கேட்பவர் ஒரே வாக்கியத்தை இரண்டு தரம் கேட்க நேரும்.

மாலையில் ஒரு பார்வையற்ற நண்பர் வந்தார். வங்கியில் வேலை. கடைக்காரர் சம்பளம் கொடுத்துத்தான் அவரை இதற்குக் கூப்பிடுகிறார். ஃபோனில் டாக்பேக்கை ஓடவிட்டு, பக்கத்தில் நாங்கள் யாரும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார். lang="ta" என்ற சிறு குறி ஏன் இருக்கிறது என்று கேட்டேன். பக்கம் ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்தால், கணினியில் பல நேரம் ஆங்கிலக் குரலே தமிழ் எழுத்துகளை எதிர்கொள்ளும். அது குழறும், அல்லது எழுத்தைத் தாண்டிப் போய்விடும். அளவை எண்ணும் பெருக்கல் குறியுமாகப் போடாமல் ‘நாலு அடி அகலம்’ என்று எழுதியதும் அவர் சொல்லித்தான். நடுவில் வரும் குறியைச் சில குரல்கள் ‘எக்ஸ்’ என்கின்றன, சில விழுங்கிவிடுகின்றன.

பிறவியிலிருந்தே பார்வை இல்லாதவருக்கு நிறத்தின் பெயர் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. அவரிடம் அதைச் சொன்னேன்.

“வீட்டுக்கு வர்றவங்க பார்ப்பாங்கல்லங்க? எங்க அம்மா அரக்குன்னா வேணும்பாங்க, ரத்தச் சிவப்புன்னா வேண்டாம்பாங்க. ரெண்டும் சிவப்புன்னு எழுதிட்டா நான் எப்படி வாங்கறது?”

கொங்கு நாட்டு ஜவுளிக்கடையில் பேசும் நிறப்பெயர்களையே இங்கே எழுதுவதற்குக் காரணம் இதுதான். மயில்கழுத்து என்றால் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், அசைந்தால் மாறும் சாயல் என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியும். வெறும் ‘நீலப்பச்சை’ அதைச் சொல்லாது.

பிறகு அவர் இரண்டாவது படத்துக்குப் போனார். மடித்து வைத்த ஜமக்காளம். ‘நாலாக மடித்து அடுக்கியது’ என்று கேட்டதும், “மடிச்சா எத்தனை மொத்தம்ங்க? பீரோவுல போகுமா?” என்றார். இளையவர் திரையைப் பார்த்தார். அந்தப் படமும் மென்பொருள் வரைந்தது. துவாலை மடித்தாற்போல் மெல்லிசாக, கூர்மையான விளிம்போடு இருந்தது. அக்கா மேசை மேலிருந்த ஜமக்காளத்தை நாலாக மடித்துக் காட்டினார். தடித்த நூல் மடிப்பில் உருண்டு நின்றது. நண்பர் கையை மேலிருந்து கீழே கொண்டுவந்து, “நாலு விரக்கடை” என்றார்.

வரைந்த படத்தை எடுத்துவிட்டார்கள். மடித்த ஜமக்காளத்தை மேசை மேலேயே ஃபோனில் எடுத்து ஏற்றினார்கள். அதன் மாற்று உரை: ‘அதே ஜமக்காளம், நாலாக மடித்தபடி. மடிப்பு தட்டையாகப் படியாமல் உருண்டு நிற்கிறது. நாலு விரல் உயரம்.’ பட்டைகளும் நிறங்களும் முதல் படத்திலேயே வந்துவிட்டதால் மறுபடி எழுதவில்லை. நண்பர் ஒருமுறை கேட்டுவிட்டு, விலை எந்த இடத்தில் வருகிறது என்று தேடத் தொடங்கினார்.